மட்டை விலையில் கரையும் லாபம்

"பொள்ளாச்சிப் பக்கம் 8 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குதுங்க. சீனாவுக்கு நார் நன்றாகப் போவதால் மச்சான் மில்லில் செலவு போக மாதம் ஒன்றரை லட்சம் நிற்கிறது. நானும் 50 லட்சம் போட்டு நார் மில் ஆரம்பிக்கலாமுங்களா?"

அந்த ஒன்றரை லட்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் சொல்லாத தொகைகளை உத்தேசமாக வைக்கிறேன். மச்சானும் 50 லட்சம் போட்டார் என்று வைத்தால், அது பேங்கில் 7 சதவீதத்துக்குக் கிடந்திருந்தால் மாதம் 29,000 வரும். நார் காயப்போடும் களத்தை வாடகைக்கு விட்டால் 15,000. மச்சான் வேறு மில்லில் மேனேஜராகப் போனால் 30,000. மிஷின் தேய்மானம் 20,000. ஆக 94,000 ரூபாய், அவர் பணமும் இடமும் உழைப்பும் வேறெங்கு இருந்தாலும் கிடைத்திருக்கும் தொகையும் தேய்மானமும்தான். மீதி 56,000 மட்டுமே பொருளாதாரக் கணக்கில் லாபம்.

உங்களை இழுக்கும் அந்த 56,000 ஊரில் பத்துப் பேரையும் இழுக்கும். நார் பேலுக்குப் பெயரோ பிராண்டோ இல்லை. யார் வேண்டுமானாலும் மில் போடலாம். புது மில்கள் ஓடத் தொடங்கியதும் நார் வரத்து கூடி விலை இறங்கும். அதைவிட முக்கியம், நார் எடுக்கும் தேங்காய் மட்டை. மில் கூடுகிறது என்பதற்காக மரம் கூடுதலாகக் காய்ப்பதில்லை. மாதம் 2,80,000 மட்டை அடிக்கும் மில்லுக்கு, மட்டைக்கு 20 காசு ஏறினாலே 56,000 போய்விடும். நார் விலை ஒரு பைசா குறையாமலே லாபம் பூஜ்யமாகிவிடும்! அதன்பின் புதிதாக யாரும் வரமாட்டார்கள், இருப்பவர்களும் போகமாட்டார்கள். அந்த 94,000 கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். மட்டை விலை ஏறியதால் நார் விலையும் சீனா வாங்குமுன் இருந்த இடத்துக்கு இறங்காமல், சற்று மேலேயே நிற்கும்.

சரி, சீனாவில் வாங்குவது குறைந்தால்? மில்கள் உடனே மூடாது. மிஷினுக்குப் போட்ட பணம் போனதுதான். மட்டை, கூலி, கரண்ட் பில்லுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சினாலும் ஓட்டுவதே மேல். அதனால் நஷ்டம் மாதக்கணக்கில் இழுக்கும். மிஷின் தேய்ந்து புதிது வாங்க வேண்டிய நாளில்தான் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள், விலை மறுபடி செலவைத் தொடும். கடன் வாங்கி மில் போட்டவருக்கு இந்த இடைவெளிதான் ஆபத்து.

முடிவெடுக்குமுன் ஆறு மாத மட்டை விலையையும் நார் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாரைவிட மட்டை வேகமாக ஏறியிருந்தால், உங்களுக்கு முன்பே ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். சொந்தத் தோப்பு மட்டை சும்மா கிடைக்கிறதே என்று நினைக்காதீர்கள். வெளியே விற்றால் வரும் விலையை மில் செலவில் எழுதியே ஆக வேண்டும்.

என் கருத்தில், மில்காரர்கள் போட்டி போட்டு விட்டுக்கொடுக்கும் லாபத்தில் பெரும்பங்கு தோப்புக்காரருக்கே வருகிறது. நீங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். 50 லட்சத்தை முடக்காமல், இந்த வெட்டு மட்டைக்கு மூன்று மில்களில் விலை கேளுங்கள்.