600 வோல்ட் இன்வெர்ட்டரில் ஒரு ஸ்டிரிங்குக்கு எத்தனை பேனல்? உதகைக் குளிருக்கு ஒரு கணக்கு

கேள்வி: ஊட்டியில் வீட்டு மாடியில் 545 வாட் பேனல் 12 போடப் போகிறோம். 5 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், பேனல் வரிசைகளைத் தனித்தனியாகச் செருக இரண்டு எம்பிபிடி இன்புட், அதிகபட்ச டிசி 600 வோல்ட். பேனலின் Voc 49.65. பன்னிரண்டால் பெருக்கினால் 595.8 தானே வருகிறது, ஒரே ஸ்டிரிங்கில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில், போட்டுவிடலாமா? காலைக் குளிரில் வோல்டேஜ் ஏறும் என்கிறார்கள். எவ்வளவு ஏறும்?

பதில்:

போடக் கூடாது. ஊட்டியில் மட்டுமல்ல, சென்னையிலும் கூடாது. அது ஏன் என்பதைக் கடைசிக் கணக்கில் பார்க்கலாம். முதலில் உங்கள் ஊருக்கான கணக்கு.

Voc என்பது பேனலிலிருந்து கரன்ட் எதுவும் எடுக்காதபோது அதன் முனைகளில் நிற்கும் வோல்டேஜ். டேட்டாஷீட்டில் அச்சிட்டிருக்கும் 49.65 என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. செல் குளிர்ந்தால் அதற்குள் நடக்கும் மின் கசிவு குறையும், வோல்டேஜ் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை அதே டேட்டாஷீட்டில் "Temperature coefficient of Voc" என்ற வரி சொல்லிவிடும். இந்த அளவிலான மோனோ பெர்க் பேனல்களில் அது பெரும்பாலும் டிகிரிக்கு −0.27 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த எண்ணையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பேனலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் சதவீதத்துக்குப் பதிலாக மில்லிவோல்ட்டில் கொடுப்பார்கள். 0.27 சதவீதம் என்பது உங்கள் பேனலுக்கு டிகிரிக்கு சுமார் 134 மில்லிவோல்ட்.

```
Voc_cold = Voc × (1 + (25 − Tmin) × 0.27 / 100)
N_max    = Vmax / Voc_cold   (பின்னத்தை விட்டுவிடவும்)
```

Tmin-க்கு என்ன போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிசம்பர் மாதத்தின் சராசரிக் குறைந்தபட்சம் இங்கே உதவாது. பல வருடங்களில் அந்த இடம் தொட்ட மிகக் குறைந்த வெப்பநிலைதான் வேண்டும். இன்வெர்ட்டர் கெட்டுப்போக ஒரு காலை போதும். உதகையில் டிசம்பர், ஜனவரியில் பூஜ்யத்தை ஒட்டி இறங்குவது வழக்கம். தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் அதற்கும் கீழே போய் உறைபனி படியும். இரவில் பேனல் திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், விடியும்போது அதன் கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். அதனால் −5 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

25-லிருந்து −5 வரை 30 டிகிரி. 30 × 0.27 = 8.1 சதவீதம். ஆக ஒரு பேனல் 53.67 வோல்ட்.

12 பேனல் என்றால் 644 வோல்ட். 11 என்றால் 590. 10 என்றால் 537.

எண்ணைப் பார்த்தால் 11 போடலாம் என்று தோன்றும். ஆனால் டேட்டாஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் வீஓசிக்கு ±3 சதவீத டாலரன்ஸ் என்று பலர் போட்டிருப்பார்கள். மூன்று சதவீதம் கூடுதலாக வந்த பேனல்களாக அமைந்தால் 590 என்பது 608 ஆகிவிடும். எல்லாப் பேனலும் ஒரே பக்கம் சாய்ந்து வருவது அபூர்வம்தான், என்றாலும் 10 வோல்ட் இடைவெளியை நம்பி ஒரு இன்வெர்ட்டரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் ஒரு ஸ்டிரிங்குக்கு 10 தான் உச்சம்.

"விடியற்காலையில் வெயிலே இருக்காதே, அப்போது எப்படி முழு வோல்டேஜ் வரும்?" என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும்போது வீஓசி சுமார் 6 சதவீதம் குறைவாகத்தான் இருக்கும். பாதி வெளிச்சத்தில் 2.5 சதவீதம் போலக் குறையும். வெயில் ஏற ஏற பேனலும் சூடாகும். ஆகவே பெரும்பாலான நாட்களில் நாம் போட்ட கணக்கைவிட உண்மை வோல்டேஜ் குறைவாகவே இருக்கும். ஆனால் மலையில் இதைக் கெடுக்கும் ஒரு நிலைமை உண்டு. எட்டு மணி வரை மூடுபனி மூடியிருக்கும், பேனல் ஜில்லென்று ஈரமாக இருக்கும், பனி சட்டென்று விலகிக் கிழக்கே பார்த்த பேனலில் நேர் வெயில் விழும். செல் சூடாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். வோல்டேஜ் ஏற நொடிகூட ஆகாது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் முழு வெயில், மிகக் குறைந்த வெப்பநிலை இரண்டையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொன்று, கரன்ட் கட். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டிரிங் வீஓசியில் நிற்காது, Vmp என்று போட்டிருக்கும் 41.8 பக்கம் இறங்கி வேலை செய்யும். அதைப் பார்த்துவிட்டு "12 × 41.8 = 502 தானே, பயமில்லை" என்று சொல்லும் இன்ஸ்டாலர்கள் இருக்கிறார்கள். லைன் போன மறுகணம் கிரிட் இன்வெர்ட்டர் நின்றுவிடும், ஸ்டிரிங் நேராக வீஓசிக்குத் தாவும். லைன் திரும்பி வந்தபின்னும் இன்வெர்ட்டர் உடனே சேராது. சில நிமிடம் வரை காத்திருந்து பார்க்கும். அவ்வளவு நேரமும் முழு வீஓசி அதன் டெர்மினலில் நிற்கும். ஆகவே மேல் எல்லைக்கு வீஓசியைத் தவிர வேறெதையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டேட்டாஷீட்டில் NOCT அல்லது NMOT என்ற தலைப்பில் இன்னொரு வீஓசியும் குறைவாக இருக்கும். அது செல் சூடாக இருக்கும் நிலையில் சொன்ன எண், இதற்கு ஆகாது.

மீறினால் என்ன ஆகும்? கொஞ்சமாக மீறினால் காலையில் டிஸ்ப்ளேயில் "PV Over Voltage" என்று காட்டி இன்வெர்ட்டர் ஸ்டார்ட் ஆகாது. ஒன்பது, பத்து மணிக்குப் பேனல் சூடானதும் தானாகச் சரியாகிவிடும். இப்படிக் குளிர்காலக் காலையில் மட்டும் வந்து மறையும் எரரைப் பார்த்தால் ஸ்டிரிங் நீளம்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்படலாம். அது தன்னைக் காத்துக்கொள்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இன்வெர்ட்டர் வேலை செய்ய மறுக்கலாமே ஒழிய, பேனலிலிருந்து வரும் வோல்டேஜைத் தடுக்க அதனால் முடியாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டரும் ஸ்விட்சிங் டிவைஸ்களும் அந்த வோல்டேஜைத் தாங்கிக்கொண்டேதான் இருக்கும், ஒருநாள் வெடிக்கவும் செய்யலாம். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் டிசி வோல்டேஜைப் பதிவு செய்து வைப்பதால் வாரன்டியில் "லிமிட் மீறியது" என்று திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. பேனல் வயர்கள் வந்து சேரும் டிசிடிபி பாக்ஸில், மின்னல் அதிர்விலிருந்து காக்க வைத்திருக்கும் எஸ்பிடியின் ரேட்டிங்கையும் பாருங்கள். அதன் வோல்டேஜ் எல்லை நாம் கணக்கிட்ட குளிர் வீஓசியைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் 12 பேனலை எப்படிப் பிரிப்பது? ஒரு ஸ்டிரிங்கில் 10 போட்டு மீதி 2-ஐ அடுத்த எம்பிபிடியில் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வகை இன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு ஸ்டார்ட் ஆக 120 வோல்ட் போல வேண்டும். இரண்டு பேனல் சேர்ந்தாலும் வீஓசி 99 தான், வெயிலில் அதுவும் குறையும். அந்த இரண்டும் சும்மா மாடியில் கிடக்கும்.

6 + 6 என்று பிரிப்பதுதான் சரி. குளிரில் ஒரு ஸ்டிரிங் 322 வோல்ட், 600-க்கு வெகு கீழே. கீழ் எல்லையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஊட்டி வெயிலில் செல் 55 டிகிரி வரை சூடாகும் என்று வைத்தால் 30 டிகிரி ஏற்றம். Vmp-க்குத் தனிக் குணகம் கொடுக்கவில்லை என்றால் பவரின் குணகமான −0.35 சதவீதத்தையே போடுங்கள், ஏறத்தாழச் சரியாக இருக்கும். 10.5 சதவீதம் குறைந்து பேனலுக்கு 37.4, ஆறுக்கு 224 வோல்ட். எம்பிபிடி வரம்பு 90-இல் தொடங்கினால் தாராளம். மாடியில் இரண்டு திசை இருந்தால் 8 + 4 கூடச் செய்யலாம்; 4 பேனல் சூட்டில் 150 வோல்ட் தரும், ஓடும். ஒரே ஸ்டிரிங்கில் இரண்டு திசையைக் கலப்பதைவிட அது எவ்வளவோ மேல். கரன்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: இந்தப் பேனல் 13 ஆம்பியர் தரும். 12.5 ஆம்பியர் இன்புட் உள்ள பழைய மாடல் இன்வெர்ட்டராக இருந்தால் உச்சி வெயிலில் கொஞ்சம் வெட்டுப்படும்.

சென்னைக் கதை இதுதான். 12 பேனலுக்கு 600 வோல்ட் என்றால் ஒரு பேனலுக்கு 50. உங்களுடையது 49.65. இடைவெளி 0.35 வோல்ட், டிகிரிக்கு 134 மில்லிவோல்ட் என்ற கணக்கில் 2.6 டிகிரி. அதாவது செல் 22.4 டிகிரிக்குக் கீழே போனாலே கணக்குப்படி 600-ஐத் தாண்டிவிடும். மார்கழியில் சென்னையே 20-க்கு இறங்கும். டேட்டாஷீட் எண்ணை நேரடியாகப் பெருக்கிப் பார்ப்பது எந்த ஊருக்கும் பொருந்தாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஃபிட்டிங் முடிந்ததும் இன்வெர்ட்டரில் செருகுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்டிரிங்கையும் டிசி 1000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள், பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவில்லை என்பதும் அப்போதே தெரியும். பதினோரு மணி வெயிலில் செல் 45 டிகிரி என்றால் பேனலுக்கு 47, ஆறுக்கு 282 வோல்ட் வர வேண்டும். 235 காட்டினால் ஒரு பேனல் இணைப்பில் விடுபட்டிருக்கிறது. 266 போலக் காட்டினால் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு செத்திருக்கிறது. ஜங்ஷன் பாக்ஸில் ஒரு பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு ஸ்டிரிங்கும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றுக்கொன்று ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. அப்படி வந்தால் பேனல் பேனலாக அளந்து பார்த்த பிறகு டிசி ஸ்விட்சைப் போடுங்கள்.