பதிவுக்கு முன்பே ரத்தான கிரய ஒப்பந்தம்: முத்திரைத்தாள் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: 20,000 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் பதிவுக்கு முன்பே ரத்தாகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்க எவ்வளவு நாள் இருக்கிறது?

கிடைக்கும், ஆனால் நாளை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதில்தான் பலர் இழக்கிறார்கள். ரத்தான தேதி கணக்கில் வராது. பத்திரத்தில் உள்ள தேதியே கணக்கு.

இந்திய முத்திரைச் சட்டம் 1899, பிரிவு 50-இன்படி, மார்ச் 10 தேதியிட்ட பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்டு, எதிர்த்தரப்பு கையெழுத்திட மறுத்திருந்தால், செப்டம்பர் 10-க்குள், அதாவது ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். இருவரும் கையெழுத்திட்ட பிறகு ஒருவர் அதன்படி நடக்க மறுத்து, பத்திரம் நோக்கமிழந்திருந்தால் இரண்டே மாதம்; மே 10-உடன் முடிந்துவிடும். எந்த வகை என்பதில் அலுவலர் உங்களோடு முரண்படலாம். எனவே இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிடுவதே என் உறுதியான ஆலோசனை.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. அசல் முத்திரைத்தாளை ஒப்படைக்க வேண்டும், ஆகவே கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். பத்திரம் ஏன் பயன்படவில்லை என்பதைத் தேதிகளோடு எழுதி, ரத்துக் கடிதத்தை இணைத்து, ஒப்புகை வாங்குங்கள். அந்தப் பத்திரத்தைச் சான்றாகக் காட்டக்கூடிய வழக்கு எதுவும் தொடங்கியிருக்கக் கூடாது. முன்பணத்துக்காக வழக்குப் போடும் எண்ணமிருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

பணமாகத் தரும்போது ரூபாய்க்குப் பத்து பைசா பிடிப்பார்கள்: 20,000-க்கு 18,000 வரும்.