மூன்று சதவிகிதத்தில் ஸ்டாப் லாஸ் வைத்தால் நிலைக்குமா?

கேள்வி: பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் தங்க ஃபண்டான கோல்டு இ.டி.எஃப்.பில் 20,000 ரூபாய் போட்டேன். விலை 3% இறங்கினால் தானாக விற்கும்படி ஸ்டாப் லாஸ் வைத்தேன். விற்றுப்போனது, நாலே நாளில் விலை பழையபடி ஏறிவிட்டது. எந்த அளவில் வைப்பது சரி?
– வாசகி, ஈரோடு

பதில்: தங்கம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்திலேயே 3% இறங்கி ஏறுவது சர்வசாதாரணம். அதனால் உங்கள் இ.டி.எஃப்.பின் ஓராண்டு சார்ட்டைத் திறந்து, ஒவ்வொரு ஏற்றத்துக்கு நடுவிலும் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். பெரிய இறக்கம் 7% என்றால், ஸ்டாப் லாஸ் அதற்கும் கீழே, 10% அளவில் இருக்கட்டும். 20,000 ரூபாயில் அது 2,000 ரூபாய் நஷ்டம். அதைத் தாங்க முடியாது என்றால் போட்ட பணத்தைக் குறையுங்கள். ஸ்டாப் லாஸை நெருக்கமாக வைக்காதீர்கள்.

யூனிட் 100 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 94-ல் ஒரு அலர்ட். அது வந்தால் உடனே விற்க வேண்டாம், ஏன் இறங்கியது என்று பார்த்தால் போதும். அலர்ட்டை உலகச் சந்தையின் டாலர் விலைக்கு வைக்காமல் இ.டி.எஃப். விலைக்கே வையுங்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்க வரி 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைந்தது. உலகச் சந்தையில் பெரிய சரிவே இல்லாமல் நம் ஊர் விலை அன்றைக்கே மளமளவென்று இறங்கியது. டாலர் விலையை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு அலர்ட் வந்திருக்காது.

அடுத்து, 90-ல் ஸ்டாப் லாஸ். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையே காலாவதியாகிவிடும். பல நாள் நிற்க ஜி.டி.டி. ஆர்டர்தான் வேண்டும். அதில் இரண்டு விலை கேட்பார்கள். டிரிகர் விலை 90 என்றால், அங்கே ஆர்டர் கிளம்பும். லிமிட் விலை 88 என்றால், அதற்குக் கீழே விற்காது. இரண்டையும் 90 என்றே போடுவதுதான் பலர் செய்யும் தவறு. நம் பங்குச் சந்தை 3.30-க்கு மூடிய பிறகும் உலகத் தங்கச் சந்தை இரவெல்லாம் நடக்கிறது. மறுநாள் காலை விலை 89-ல் திறந்தால், லிமிட் 90 ஆர்டர் விற்காமல் அப்படியே நிற்கும். 87-ல் திறந்தால் 88-ம் உதவாது. அன்று காலை நீங்களேதான் முடிவெடுக்க வேண்டும்.

விலை 115-க்குப் போனால் டிரிகரை 103-க்கு ஏற்றுங்கள். இறங்கும்போது மட்டும் கீழே நகர்த்தவே கூடாது. பத்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கென்று சேர்ப்பதாக இருந்தால் ஸ்டாப் லாஸே வேண்டாம், அலர்ட் போதும்.

அப்புறம் ஒன்று: விற்கும்போது உங்கள் கணக்கிலிருந்து யூனிட்டை எடுக்க புரோக்கருக்கு நிரந்தர அனுமதி தரும் டி.டி.பி.ஐ. படிவம் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்காவிட்டால், அன்றன்றைக்கு டி-பின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதிக்காத விற்பனை ஆர்டர் டிரிகர் ஆனாலும் நிராகரிக்கப்படலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.