ஏழாவது வாரத்தில் ரத்தக் கசிவும் அடிவயிற்று வலியும்: இன்றே இறங்க வேண்டுமா?

கேள்வி: கடைசித் தீட்டிலிருந்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டில் சோதித்ததில் கர்ப்பம் என்று வந்தது, ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. இரண்டு நாளாக லேசாகக் கறை படுகிறது, அடிவயிறும் வலிக்கிறது. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கிறோம். இன்றே இறங்க வேண்டுமா, நாள் பார்த்துப் போகலாமா?

பதில்:

இன்றே இறங்குங்கள். கறையும் வலியும் சேர்ந்திருக்கின்றன. கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதோ இதுவரை யாருக்கும் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் பிரசவப் பிரிவுச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், இந்த ஒன்றில் மட்டும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் படுகிறது என்பதும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே நிலைக்கிறது என்பதும் உண்மைதான். தீட்டு வர வேண்டிய நாளை ஒட்டியோ, கணவன் மனைவி சேர்ந்த பிறகோ, பழுப்பு நிறத்தில் சில சொட்டுகள் பட்டு நின்றுவிடலாம். கருப்பை விரியும்போது அடிவயிற்றின் நடுவில், மாதவிலக்கு வலியைப் போல மந்தமான வலி வந்து வந்து போகும். படுத்து ஓய்வெடுத்தால் குறையும். குமட்டல், மார்புக் கனம், அசதி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

நான் அஞ்சுவது குழாய்க் கர்ப்பத்தை. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில், கரு கருப்பைக்கு வந்து சேராமல் பெரும்பாலும் கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் குழாயால் வளரும் கருவுக்கு இடம் கொடுக்க முடியாது. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். சிறுநீர்ச் சோதனை கர்ப்பம் உண்டா என்று மட்டுமே சொல்லும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. முன்பு குழாய்க் கர்ப்பம் வந்தவர்களுக்கும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிறகோ காப்பர்-டி இருக்கும்போதோ கருத்தரித்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். ஆனால் இவை எதுவும் இல்லாத பெண்களுக்கும் அது வருகிறது.

தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் துணியில் சிறு பழுப்புக் கறை. மதியம் வலது அடிவயிற்றில் குத்தும் வலி. மாலையில் படுத்தபோது தோள்பட்டை நுனியில் வலி எடுத்ததால், வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு மலம் கழிக்க வேண்டும் போன்ற உந்துதல் வந்தது. எழுந்தபோது கண் இருட்டிவிட்டது. எங்களிடம் வந்தபோதும் கறை அதே அளவுதான் இருந்தது. நாடி மட்டும் வேகமாக ஓடியது, உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கியிருந்தது. அந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலி தெரிகிறது. குழாயை அகற்றி, ரத்தம் ஏற்றி, அவர் பிழைத்தார். ஆகவே வெளியே படும் அளவைப் பார்த்து உள்ளே நடப்பதைக் கணிக்க முடியாது.

மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கருப்பைக்குள் பை தெரிகிறதா?" என்பதுதான். இந்த வாரத்தில் வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனை விட உள்வழி ஸ்கேனே தெளிவாகக் காட்டும். பையும் துடிப்பும் கருப்பைக்குள் தெரிந்தால் இந்தப் பயம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். கருப்பை காலியாக இருந்தால், நாள் கணக்கு தவறியிருக்கலாம் என்பதால், பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்து 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளும் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குங்கள். குழாய் வெடிக்கும் முன் கண்டுபிடித்தால் பலருக்கு ஊசி மருந்திலேயே தீர்ந்துவிடும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைவது, கட்டிகளாகப் போவது, காய்ச்சல், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் நாள் முழுவதும் வாந்தி எடுத்துச் சிறுநீர் குறைவது ஆகியவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவையே.

மருத்துவர் பார்க்கும்வரை சாப்பிடாதீர்கள்; மயக்க மருந்து கொடுக்க நேரிடலாம். தோள் வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் ஜீப்புக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் எண் அதுதான். எது முதலில் எட்டுமோ அந்தப் பக்கத்து மருத்துவமனைக்கே போங்கள். கர்ப்பப் பதிவு எண் இன்னும் வாங்கவில்லையே என்று தயங்காதீர்கள். அவசர சிகிச்சைக்கு அது தேவையில்லை, கடைசித் தீட்டுத் தேதியைச் சொன்னால் போதும். உடம்புச் சூடா இல்லையா என்பதை மாமியாரோடு திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், துணைக்கு ஒருவர் வேண்டும்.