கண்காணிப்பைப் பற்றிய கட்டுரைக்குக் கேமரா மட்டும் போதாது

கேள்வி: நான் சமூகவியல் முதுகலை மாணவி. “ஒழுங்காற்று அதிகாரத்தையும் கண்காணிப்பையும் பள்ளி அல்லது பணியிட எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக” என்று கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். சிசிடிவி, விரல்ரேகை வருகைப்பதிவு, சீருடை, மணியடிப்பது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். “எடுத்துக்காட்டு நிறைய இருக்கிறது, விளக்கம் இல்லை” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்தி எழுதுவது?

பதில்: நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்றை எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ள ஒன்றில் யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்த்ததை எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறார்கள், அதை எங்கே எழுதி வைக்கிறார்கள், எழுதி வைத்ததால் பார்க்கப்படுகிறவர் எப்படி மாறுகிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். ஆசிரியர் கேட்ட விளக்கம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறை பற்றிய நூலில் ஒழுங்காற்று அதிகாரத்துக்கு, அதாவது கண்காணித்தும் அளந்தும் மனிதர்களைப் பழக்கும் அதிகாரத்துக்கு, மூன்று கருவிகளைச் சொல்கிறார். முதலாவது படிநிலைக் கண்காணிப்பு; அதாவது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்க்கும்படியும், அந்த மேலே இருப்பவரையும் இன்னொருவர் பார்க்கும்படியும் அமைந்த சங்கிலி. இரண்டாவது, சட்டத்தை மீறியவரை மட்டும் தண்டிக்காமல், எதிர்பார்த்த அளவை எட்டாதவரையும் பின்தங்கியவர் என்று தரம் பிரிக்கும் தீர்ப்பு. மூன்றாவது தேர்வு. முதலிரண்டும் தேர்வில் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு மனிதரும் தனித்தனியாக அளக்கப்பட்டு, தனித்தனிக் கோப்பாகிறார்கள். மாணவர் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் கருவி மட்டுமே வருகிறது. கேமராவும் அந்த முதல் கருவிக்குத்தான் சாட்சி. திருட்டைத் தடுக்க வைத்த கேமரா பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் யாரையும் தரம் பிரிப்பதில்லை, யாருக்கும் கோப்புத் திறப்பதில்லை. ஆகவே அது ஒழுங்காற்று அதிகாரத்துக்கு மெலிந்த எடுத்துக்காட்டு.

“கேமரா இருக்கிறது, எனவே இது பனாப்டிகான்” என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1791இல் அச்சிட்ட அந்தச் சிறைத் திட்டத்தில் வட்டமான கட்டடத்தின் நடுவில் ஒரு காவல் கோபுரமும், சுற்றிலும் வெளிச்சம் ஊடுருவும் அறைகளும் இருக்கும். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததனால் அவரே தம்மைக் கண்காணித்துக்கொள்கிறார் என்பதுதான் ஃபூக்கோ அதில் பிடித்துக்கொண்ட செய்தி. நீங்கள் பணியிடத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: இந்தத் திட்டத்தின் முதல் வித்து சிறையில் விழவில்லை. பெந்தமின் தம்பி சாமுவேல், ரஷ்யப் பேரரசிலிருந்த கிரிச்செவ் என்ற ஊரில் தொழிலாளர்களை மேற்பார்வையிடுவதற்காக யோசித்த கட்டடம் அது. 1787இல் அங்கே தங்கியிருந்தபோது அண்ணன் அதைக் கடிதங்களாக எழுதினார்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், தமிழ் மாணவர்கள் ஏனோ கண்டுகொள்ளாத ஓர் எடுத்துக்காட்டு எழும்பூரிலேயே இருக்கிறது. 1789இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக அங்கே ஓர் அநாதை இல்லம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளில் பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். அதன் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். சம்பள ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பைக் கொடுத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அது பலிக்கவே, பள்ளி முழுவதையும் பையன்களைக் கொண்டே நடத்தும் முறையாக அதை விரித்தார். 1797இல் இதைப் பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயர் அதன்பின் இங்கிலாந்திலும் பரவியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் இதையொத்த பள்ளிகளை நடத்தினார். ஃபூக்கோ தம் நூலில் எடுத்துப் பேசும், மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பரஸ்பரப் போதனைப் பள்ளிகள் இந்த மரபைச் சேர்ந்தவை.

இப்போது நான்கு கேள்விகளையும் எழும்பூர்ப் பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள். பார்ப்பது யார்? ஒவ்வொரு வகுப்பிலும் கெட்டிக்காரப் பையனையும் பின்தங்கியவனையும் ஜோடி சேர்த்து, முன்னவன் பின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஜோடிகளுக்கு மேலே உதவி ஆசிரியன், அவனுக்கு மேலே வகுப்பு ஆசிரியன், இருவருமே பையன்கள். அவர்களுக்கு மேலே பெரியவர்கள், உச்சியில் மேற்பார்வையாளர். தம் இடத்திலிருந்து அவர் முழு அமைப்பையும் பார்த்து இயக்கலாம் என்பதைப் பெல் இம்முறையின் சிறப்பாகவே சொல்கிறார். அளவுகோல் என்ன? ஒவ்வொரு பாடத்திலும் பையன்கள் தேர்ச்சிக்கேற்ப இடம் மாறி நிற்பார்கள்; தொடர்ந்து முதலில் நிற்பவன் மேல்வகுப்புக்குப் போவான், அங்கே தாக்குப்பிடிக்காதவன் இறங்குவான். நல்லவன், கெட்டவன் என்ற இரண்டே பிரிவுகள் இங்கே இல்லை. எல்லாரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் இன்றைக்கு ஓர் இடம் உண்டு, நாளைக்கு அது மாறலாம்.

எழுதி வைப்பது எங்கே என்ற மூன்றாவது கேள்வியில் நிதானியுங்கள், ஏனென்றால் கட்டுரையின் பலம் அங்கேதான். எத்தனை பாடம், எத்தனை பக்கம், எத்தனை மணி நேரம் என்று அன்றாட வேலையைக் குறிக்கும் பதிவேடு அப்பள்ளியில் இருந்தது. சோம்பலையும் தவறுகளையும் குறிக்க ‘கறுப்புப் புத்தகம்’ தனியாக இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து படித்து, பையன்களே நடுவர்களாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். இம்முறையில் அடி அரிதாகவே தேவைப்பட்டது என்று பெல் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அந்தப் பெருமையை நீங்கள் மேற்கோளாகக் கொள்ளாமல் ஆதாரமாகக் கொள்ளுங்கள். பிரம்பு பின்வாங்கியதற்குக் கருணை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதன் வேலையை வரிசையும் பதிவேடும் இன்னும் சிக்கனமாகச் செய்துவிடுகின்றன என்று வாதிடலாம். ஒரு பையன் இன்றைக்கு நிற்கும் இடம் எல்லாருக்கும் தெரியும், வாரக் கடைசியில் தன் பெயர் வாசிக்கப்படும் என்று அவனுக்குத் தெரியும். அடிக்க ஆள் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அதை நீங்களே எழுப்பிக்கொள்வது நல்லது. திண்ணைப் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை இருந்தாரே, வாத்தியார் இல்லாதபோது அவர்தானே மற்றவர்களை மேய்த்தார், அப்படியானால் அதுவும் ஒழுங்காற்று அதிகாரம்தானா? பையனைப் பையன் கவனிப்பது மட்டும் இலக்கணம் என்றால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் பெரும்பாலும் வாத்தியாரின் அதிகாரத்தை இரவல் வாங்கியது. வாத்தியாரின் நினைவும் பிரம்பும்தான் அதற்குப் பின்பலம். எழும்பூரில் அதிகாரம் ஆளைவிட்டு ஏட்டுக்கு மாறியது. மேற்பார்வையாளர் மாறினாலும் ஏடு இருக்கும், வரிசை நகரும். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் உங்கள் எடுத்துக்காட்டு வர்ணனையாக நின்றுவிடாமல் வாதமாகிறது.

நான்காவது கேள்வி, பார்க்கப்படுகிறவர் என்னவாக ஆகிறார் என்பது. “அதிகாரம் மாணவர்களை ஒடுக்குகிறது” என்று எழுதிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஃபூக்கோவின் கூற்று அதற்கு நேரெதிரானது: இவ்வகை அதிகாரம் உற்பத்தி செய்கிறது. எட்டு வயது ஃபிரிஸ்கன் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் திறமையைப் பெற்றான். அதே சமயம் தன்னைவிடச் சிறியவர்களை அளக்கும் கண்ணையும் பெற்றான். திறமையும் பணிவும் ஒரே பயிற்சியில் சேர்ந்து வளர்கின்றன என்பதுதான் சொல்ல வேண்டியது. இதைச் சொன்னால் பள்ளியே கூடாது என்கிறீர்களா என்று யாராவது கேட்பார்கள். கட்டுரையில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இக்காலத்துக்கு வர விரும்பினால் ஒரே ஒரு பத்தி போதும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. தரவரிசை போய்விட்டது, எனவே ஒழுங்காற்று அதிகாரமும் தளர்ந்துவிட்டது என்று எழுதினால் அவசரப்பட்ட முடிவாகும். மாணவரின் மதிப்பெண் சான்றிதழ் அப்படியே இருக்கிறது. மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காடு தொடர்ந்து வெளியிடப்பட்டது. பொதுமேடையில் மாணவரின் மீது விழுந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு பள்ளியின் மீதும் மாவட்டத்தின் மீதும் திரும்பியது. தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறார். பார்ப்பவரும் பார்க்கப்படுகிறார் என்ற முதல் கருவியின் இலக்கணத்துக்கு இதைவிடத் துலக்கமான உள்ளூர் எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

பள்ளியை விட்டுப் பணியிடத்தை எழுதுவதாக இருந்தால் கால் சென்டர் நல்ல தேர்வு, ஆனால் வழுக்கும் தேர்வு. அழைப்பின் நீளம், அழைப்புகளுக்கு இடையேயான நேரம், ஒலிப்பதிவுக்கு மதிப்பெண் என்று மூன்று கருவிகளும் அங்கே சேர்ந்தே இருப்பதால், 1990களின் இறுதியில் பிரிட்டன் ஆய்வாளர்கள் சிலர் அதை மின்னணுப் பனாப்டிகான் என்றே விவரித்தார்கள். 2000இல் பீட்டர் பெய்னும் ஃபில் டெய்லரும் அதை மறுத்தார்கள். எந்தக் கண்காணிப்பும் இவ்வளவு முழுமையாக வெற்றி பெறுவதில்லை, தொழிலாளர்கள் கண்காணிப்பைச் சமாளிக்கும் வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள், தொழிற்சங்கமும் வைக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பனாப்டிகான் ஒரு வரைபடம். நடப்பு அந்த வரைபடத்தை முழுதாகப் பின்பற்றுவதில்லை. இந்த விவாதத்தைக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் வைத்தால், கோட்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்காமல் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

உங்கள் பழைய வரைவிலிருந்து விரல்ரேகை வருகைப்பதிவைக் காப்பாற்ற நினைத்தால், “ஊழியர்கள் விரல்ரேகை வைப்பதால் கண்காணிக்கப்படுகிறார்கள்” என்ற வாக்கியத்தை இப்படித் திருத்திப் பாருங்கள்: “கருவி ஒன்பது மணி ஐந்து நிமிடத்தைத் ‘தாமதம்’ என்று குறிக்கிறது, மாத இறுதியில் அந்தக் குறிகள் கூட்டப்பட்டு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓர் எண்ணாகின்றன, அந்த எண் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போகிறது, எனவே மேலாளர் விடுப்பில் இருக்கும் நாளிலும் ஊழியர் எட்டு ஐம்பதுக்கே வாசலில் நிற்கிறார்.” இதில் அளவுகோல் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, தம்மைத் தாமே கண்காணிக்கும் மனிதரும் இருக்கிறார். ஆனால் நீங்கள் பார்த்த அலுவலகத்தில் அந்தப் பதிவு சம்பளக் கணக்கோடு நின்றுவிடுகிறதா, மதிப்பீட்டுக்கும் போகிறதா என்பதை விசாரித்துக்கொண்டு எழுதுங்கள். யாரும் திறந்து பார்க்காத பதிவாக இருந்து, அது ஊழியர்களுக்கும் தெரிந்திருந்தால், அந்த எடுத்துக்காட்டையும் எடுத்துவிடலாம்.