ஊஞ்சலுக்கு ஒரு வரி

அன்புள்ள ஐயா,

ஊர் வீட்டு வேம்பில் அப்பா கட்டிய ஊஞ்சலின் படத்தை இணைத்திருக்கிறேன். உறவினர்களுக்கு அனுப்ப, கீழே ஒரு வரி எழுதினேன்: “நானும் வளர்ந்தேன், மரமும் வளர்ந்தது, ஊஞ்சல் மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது... மறக்க முடியாத அந்த நாட்கள்!” செயற்கையாக இருக்கிறது என்கிறான் அண்ணன். அவசரமில்லாமல், பழைய நாளின் வாசனையோடு ஒரு வரி எழுதுவது எப்படி?

எம்.

அன்புள்ள எம்.,

அண்ணன் சொன்னது சரி. ஆனால் காரணம் மொழியில் இல்லை. நீங்கள் படத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

மரம் நுனியில்தான் உயரும். தரையிலிருந்து பத்தடியில் இருக்கும் கிளை, அரை நூற்றாண்டு கழித்தும் ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கும். பருமன் கூடும், பாரத்தில் கொஞ்சம் தாழவும் செய்யும், மேலே மட்டும் போகாது. உங்கள் படத்திலேயே பலகை முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. எட்டாத உயரம் எங்கே வந்தது? கவிதைக்குப் பொய் அழகு என்பார்கள். படத்துக்கு அடியில் எழுதும் வரிக்கு அது ஆகாது, சாட்சி நேர்மேலே நிற்கிறதே.

மரம் உண்மையில் செய்திருப்பது வேறு. கிளையில் முடிச்சு விழுந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கயிறு தெரியவில்லை. கிளை பருக்கப் பருக்க, பட்டை இரண்டு பக்கமும் உதடு போல மடிந்து வந்து கயிற்றை விழுங்கியிருக்கிறது. ஒரு வருஷத்தில் நடக்கிற காரியமில்லை இது. “காலம் ஓடிவிட்டது” என்று நீங்கள் எழுத வேண்டாம், பட்டையைக் காட்டினால் போதும். (வரிக்குத் தொடர்பில்லாத ஒன்று: முடிச்சுக்கு அப்பால், இலைகள் இருக்கும் பக்கம் கிளை புடைத்திருக்கிறது. கயிறு இறுக்குவதன் அடையாளம் அது. புதைந்ததைப் பிடுங்கினால் பட்டை கிழியும். வெளியே தொங்கும் கயிற்றை அறுத்துவிட்டு, வேறு இடத்தில் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.)

இன்னொன்று. இடது கயிறு நார்க்கயிறு, வலது கயிறு நீல நைலான். பலகை வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. அப்பா கட்டியதில் பாதி எப்போதோ அறுந்து, யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அவசரமின்மைக்கு வருகிறேன். “மெல்ல”, “மெதுவாக”, மூன்று புள்ளி, இவை எதுவும் வரியை நிதானமாக்காது. ஊஞ்சலையே பாருங்கள். அது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம், ஆடுபவரின் எடை அல்ல. ஒரு மீட்டர் கயிற்றுக்கு சுமார் 2 விநாடி, 4 மீட்டருக்கு சுமார் 4 விநாடி. கயிறு நான்கு மடங்கு நீண்டால்தான் நேரம் இரண்டு மடங்காகும். மரத்து ஊஞ்சலின் நிதானம் அந்த நீளத்திலிருந்து வருவது. உங்கள் வரியில் வளர்ந்தேன், வளர்ந்தது, போய்விட்டது என்று மூன்று வினைமுற்றுகள் அடுத்தடுத்து விழுகின்றன, குட்டைக் கயிற்றில் ஆடுவது போல. வினையைக் கடைசிவரை தள்ளிவைத்து ஒரு வாக்கியம் போகட்டும், இன்னொன்று திரும்பி வரட்டும். ஆச்சரியக்குறி வேண்டாம்.

முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “அப்பா கட்டிய முடிச்சை மரம் தன் பட்டைக்குள் வாங்கி வைத்திருக்கிறது.” மோசமில்லை, ஆனால் மரத்தின் மேல் கொஞ்சம் பாசம் பூசிவிட்டேன். வைத்திருக்கிறது என்பது என் கற்பனை, மூடிவிட்டது என்பதே நடந்தது. திரும்பி வரும் வாக்கியமும் இல்லை. அதைத் தேடித்தான் தரைக்குப் போனேன்.

பலகைக்கு அடியில் புல் இல்லை. நிழல்தான் காரணம் என்றால் மரத்தடி முழுக்கப் புல் இருக்கக்கூடாது. இங்கே ஊஞ்சல் போகும் திசையில் மட்டும் ஒரு நீள்பட்டை தேய்ந்து, நடுவில் குழிந்திருக்கிறது. குழியின் விளிம்பில் மண் புதிதாகக் கிளறியிருக்கிறது. கால் உந்திய தடம். ஆக, அந்த நாட்கள் முடியவில்லை. உங்களுக்குத்தான் முடிந்திருக்கின்றன.

இப்போது வரி:

“அப்பா போட்ட முடிச்சைப் பட்டை வளர்ந்து வளர்ந்து முழுதாக மூடிவிட்டது. பலகைக்கு அடியில் இன்னும் புல் முளைக்கவில்லை.”

நினைவு என்ற சொல் இதில் இல்லை, உறவினர்களுக்கு அது தேவைப்படாது. ஒரு வேலை மட்டும் பாக்கி. வீட்டுக்கு ஃபோன் போட்டு, இப்போது யார் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், மதியத்தில் ஆளில்லாதபோது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். அம்மாதான் என்றால் என் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை எழுதுங்கள்.