பாக்கி எவ்ளோன்னு மட்டும் அனுப்பினா சண்டைதான் வரும்

கேள்வி: பிளம்பிங் சாமான் ஹோல்சேல் பண்றேன். ஒரு கடைக்காரருக்கு செப்டம்பர் முடிவுல 25,350 பாக்கின்னு வாட்ஸ்அப்ல போட்டேன், அவர் 14,170 தான்னு சொல்றார். ரெண்டு குழாய் லீக்னு திருப்பிக் கொடுத்தார், 28ம் தேதி 10,000க்கு ஒரு செக்கும் கொடுத்தார், அக்டோபர் 5 தேதி போட்டு. யார் கணக்கு சரி?

பதில்: ரெண்டுமே தப்புங்க. வித்தியாசம் 11,180, அதுல 10,000 அந்த செக், மீதி 1,180 குழாய். குழாயை வாங்கி உள்ள வச்சிட்டு கிரெடிட் நோட் போடாம விட்டிருக்கீங்க, அவரு தேதி வராத செக்கை இப்பவே கழிச்சிட்டார்.

ஒத்தை நம்பர் அனுப்பாதீங்க, ஸ்டேட்மென்ட்டா வரிவரியா அனுப்புங்க. முதல் வரி ஓப்பனிங் பேலன்ஸ் 18,400, இது ஆகஸ்ட் ஸ்டேட்மென்ட்டோட கடைசி நம்பரா அப்படியே இருக்கணும், மாறுச்சுன்னா அங்கயே நின்னு பாருங்க. அப்புறம் 4ம் தேதி பில் 12,600, ஆச்சு 31,000. 10ம் தேதி ஜிபேல வந்த 15,000 போக 16,000. 17ம் தேதி பில் 9,350, ஆச்சு 25,350. 20ம் தேதி ரிட்டர்ன் 1,180 போக குளோசிங் 24,170. ஒவ்வொரு வரியிலயும் தேதி, பில் நம்பர் இல்ல கிரெடிட் நோட் நம்பர், பக்கத்துல அப்போதைய பாக்கி. செக்கை மொத்தத்துல சேர்க்காம கீழ தனியா "கையில உள்ள செக் 10,000, தேதி 5.10"னு எழுதுங்க, அப்பதான் அவருக்கும் மறந்துட்டாங்களோன்னு தோணாது.

ரிட்டர்ன்லதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. ரெண்டு குழாயும் சேர்த்து விலை 1,000, பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,180க்கு வித்திருப்பீங்க, கிரெடிட் நோட்டும் 1,180க்குத்தான் போடணும். நீங்க 1,000 மட்டும் கழிச்சா அந்த 180 மாசாமாசம் தொங்கிக்கிட்டே வரும், யாருக்கும் ஏன்னு தெரியாது (எங்க கடையில ஒரு வருஷம் தொங்குச்சு). இன்னொண்ணு, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்க. 2,360 இடிச்சா பாதி 1,180, அப்ப யாரோ ரிட்டர்னைக் கழிக்காம கூட்டிட்டாங்கன்னு அர்த்தம்.

ஒவ்வொரு மாசமும் 3ம் தேதிக்குள்ள அனுப்பி, ஏழு நாள்ல சரியான்னு பதில் கேளுங்க. பழைய பாக்கி பெருசா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது "இவ்வளவு தரணும்"னு அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிடுங்க. கேஸ் போட சாதாரணமா மூணு வருஷம்தான் டைம், அது முடியறதுக்குள்ள அவர் எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அன்னிலேர்ந்து புதுசா எண்ணலாம். நீங்க மட்டும் எத்தனை ஸ்டேட்மென்ட் அனுப்பினாலும் அந்த டைம் நீளாது.